முந்திப் போய்விட்ட கல்யாணப் பத்திரிகை: பழையதைத் திரும்பப் பெற்று, திருத்தியதைக் குழப்பமில்லாமல் அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆவணி முதல் வாரத்துத் திங்கள்கிழமை ஒன்றில் எங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம். வடபழனியில் மண்டபம், முதல் நாள் ஞாயிறு மாலை ரிசப்ஷன். பத்திரிகையை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு கடையில் கொடுத்திருந்தோம். கடையிலிருந்து வந்த முதல் புரூஃப் பிடிஎஃபை, யாரும் படித்துப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அத்தான் வாட்ஸ்அப்பில் மூன்று குடும்பக் குழுக்களுக்கும் நாற்பத்தொரு பேருக்குத் தனித்தனியாகவும் அனுப்பிவிட்டார்.

அதில் முகூர்த்தம் காலை 7.30–9.00, கன்னி லக்னம் என்று இருந்தது. கடைக்காரரிடம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண மாதிரியின் நேரம் அப்படியே தங்கிவிட்டது. எங்கள் முகூர்த்தம் 6.00–7.30, சிம்ம லக்னம். போதாததற்கு, பிடிஎஃபில் இருந்த மேப் லிங்க் அதே பெயரில் போரூர் பக்கம் இருக்கும் இன்னொரு மண்டபத்துக்குப் போனது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு பெண்ணின் சித்தியான என்னிடம் வந்தது. அதற்கப்புறம் இதே சிக்கலில் மாட்டிய பலர் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

தப்பாப் போயிடுச்சுன்னு தெரிஞ்ச உடனே முதல்ல டெலிட் பண்ணிடணுமா?

யாராவது படித்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். குழுவில் அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து Message info போனால், யார் யார் படித்தார்கள் என்று தெரியும். நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள் படித்ததும் குழுவில் தெரிந்துவிடும். ஒருவரும் படிக்கவில்லை, அல்லது வீட்டு ஆட்கள் இரண்டு பேர்தான் படித்திருக்கிறார்கள் என்றால் உடனே Delete for everyone கொடுத்துவிடுங்கள். அனுப்பியதிலிருந்து ஏறக்குறைய இரண்டரை நாள் வரை அதற்கு வழி உண்டு.

ஆனால் இருபது பேர் படித்த பிறகு அழிக்காதீர்கள். அழித்த இடத்தில் மெசேஜ் நீக்கப்பட்டது என்ற வரி நிற்கும். கல்யாண வீட்டிலிருந்து வந்த பத்திரிகை இரவில் வந்து காலையில் காணாமல் போனால், நேரம் தப்பாக இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. கல்யாணத்துக்கே ஏதோ தடை என்றுதான் நினைப்பார்கள். அத்தான் பதறிப்போய் ஒரு குழுவில் மட்டும் இரவு பதினோரு மணிக்கு அழித்துவிட்டார். விடிந்ததும் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா போன்: "என்னம்மா, மாப்பிள்ளை வீட்டோட எதுவும் பிரச்சினையா?" மற்ற இரண்டு குழுக்களிலிருந்து அப்படி ஒரு போனும் வரவில்லை.

அதனால் திருத்தியது கைக்கு வரும்வரை பழையது அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி போடுங்கள். நாங்கள் போட்டது இது: "கல்யாணத் தேதியில் மாற்றம் இல்லை. மேலே உள்ள பத்திரிகையில் முகூர்த்த நேரமும் மண்டப மேப்பும் தவறாக உள்ளன. நாளை மாலை சரியான பத்திரிகை வரும். அதுவரை இதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்." தேதியில் மாற்றம் இல்லை என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள். சரியானது போன பிறகு பழையதை அழித்துவிடலாம். அப்போது ஏன் அழிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. அந்த ஒரு வரியைப் போடுவதற்கு முன்பே சம்பந்தி வீட்டுக்குப் போன் போயாக வேண்டும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிய திருத்தத்தை அவர்களே குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டால், அந்த வருத்தம் நேரப் பிழையைவிட அதிக நாள் நிற்கும்.

டெலிட் பண்ணிட்டா எல்லார் போன்லேருந்தும் போயிடும்தானே?

முழுதாகப் போகாது. ஒருவர் அதை வேறு யாருக்காவது ஃபார்வர்ட் செய்திருந்தால் அது அவருடைய மெசேஜ், உங்கள் அழிப்பு அதைத் தொடாது. படமாக அனுப்பியிருந்தால் சிலருடைய போனில், முக்கியமாக ஐபோனில், படத் தொகுப்பில் ஏற்கெனவே சேமிப்பாகி இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்களும் உண்டு. பழைய பத்திரிகை எங்கேயோ உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்ய வேண்டும்.

எடிட் ஆப்ஷன் இருக்கே, அதுல மாத்த முடியாதா?

எழுத்தாக அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் மாற்றலாம். படத்தின் கீழ் எழுதிய வாசகத்தையும் மாற்றலாம். படத்துக்குள்ளோ பிடிஎஃபுக்குள்ளோ இருப்பதை மாற்ற முடியாது. அதோடு, எடிட் செய்தால் பெறுபவருக்குப் புதிதாக மணி அடிக்காது. ஏற்கெனவே படித்தவர் திரும்பிப் போய்ப் பார்க்கமாட்டார். எழுத்துப்பிழைக்கு எடிட் போதும். நேரம், இடம் போன்றவற்றுக்குப் புது மெசேஜ்தான் சரி.

பத்திரிகையை நேரடியாக அனுப்பாமல் கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதே கோப்பின் Manage versions பகுதியில் புதிய பிடிஎஃபை ஏற்றினால் லிங்க் மாறாது, இனிமேல் திறப்பவர்கள் சரியானதைத்தான் பார்ப்பார்கள். முன்பே திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

திருத்தினதை எவ்வளவு சீக்கிரம் அனுப்பணும்? உடனே அனுப்பிடலாமா?

ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தவறை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். திருத்திய பத்திரிகையிலும் தவறு இருந்து மூன்றாவது ஒன்று போனால், அதற்கப்புறம் எது சரி என்று யாருக்கும் நிச்சயம் இருக்காது.

ஒரு தவறு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும் என்பதையும் பாருங்கள். எங்களுடையதில் நேரத்தை மட்டும் 6.00–7.30 என்று கடையில் மாற்றித் தந்துவிட்டார்கள். லக்னம் கன்னி என்றே இருந்தது. ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருப்பதால் விடியும்போது ஓடுவது சிம்ம லக்னம், அது முடிந்த பிறகுதான் கன்னி. எனவே நேரம் முன்னால் போனால் லக்னமும் மாறும். அது எங்கள் கண்ணில் படவில்லை, வாத்தியாருக்கு அனுப்பியபோது அவர்தான் பிடித்தார். திங்கள்கிழமை 7.30–9.00 ராகு காலம் என்பதைப் பார்த்து முதலில் போன் செய்ததும் எங்கள் பெரியப்பாதான். பத்திரிகையை அனுப்பும் முன் பஞ்சாங்கம் பார்க்கும் ஒருவர் கண்ணில் அது பட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சரிபார்க்க நாங்கள் செய்தது: வாசகத்தை அடிக்கக் கொடுக்காத ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார், இன்னொருவர் கையில் ஜோசியர் எழுதிக்கொடுத்த தாளையும் மண்டப ரசீதையும் வைத்து ஒப்பிட்டார். தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காலண்டரில் பார்த்தோம். மேப் லிங்க்கை வேறொருவர் போனில் தொட்டு, அது காட்டும் இடம் வடபழனிதானா என்று பார்த்தோம். வெள்ளி இரவு போன தவறுக்குச் சனி மாலை ஆறு மணிக்குத்தான் திருத்தியது போனது.

புதுப் பத்திரிகையோட என்ன எழுதி அனுப்பறது?

பழையதைத் தேடிப் பார்க்காமலே முழு விவரமும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். நாங்கள் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"இதுவே சரியான பத்திரிகை (ரோஜா நிறம்).
முகூர்த்தம்: திங்கள் காலை 6.00–7.30.
ரிசப்ஷன்: ஞாயிறு மாலை 6.30 முதல். இதில் மாற்றம் இல்லை.
மண்டபம்: வடபழனி. சரியான மேப் கீழே.
வெள்ளியன்று வந்த மஞ்சள் நிறப் பத்திரிகையில் முகூர்த்தம் 7.30 என்று இருக்கும். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். தவறுக்கு வருந்துகிறோம். குடும்பத்தோடு வந்து ஆசீர்வதிக்க வேண்டும்."

சரியான விவரம் மேலே, தவறானது கீழே ஒரே ஒரு முறை. "7.30 இல்லை, 6.00" என்று ஒரே வரியில் இரண்டையும் வைத்தால், அவசரமாகப் பார்ப்பவர் மனதில் முதலில் பார்த்த எண்தான் நிற்கும். தவறான நேரத்தைச் சொல்லாமலே விடலாமா என்று அக்கா கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சொன்னால்தான், தன் கையில் இருப்பது பழையது என்று ஒருவரால் அடையாளம் காண முடியும்.

மாறாததை மாறவில்லை என்று எழுதுவதும் அவ்வளவு முக்கியம். ஒன்று மாறியது என்று கேட்டவுடன் மற்றதும் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் வரும். ரிசப்ஷன் வரியை நாங்கள் சேர்த்தது அதற்காகத்தான். "முந்தையதைக் கண்டுகொள்ள வேண்டாம்" என்று மட்டும் எழுதுபவர்கள் நிறைய. குழுவில் நூறு மெசேஜ் கடந்த பிறகு முந்தையது எது என்று யாருக்குத் தெரியும்? மன்னிப்பு ஒரு வரி போதும். யார் தவறு, எப்படி நடந்தது என்ற கதையெல்லாம் அங்கே வேண்டாம்.

டிசைனையும் மாத்தணுமா? நேரத்தை மட்டும் மாத்தினா போதாதா?

பின்னணி நிறத்தையாவது மாற்றுங்கள். இரண்டும் ஒரே மஞ்சள், ஒரே பிள்ளையார் என்றால், சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. ஏற்கெனவே வந்ததுதானே என்று திறக்காமல் விட்டுவிடுவார்கள். நிறம் மாறினால் போனிலேயே, "ரோஜா கலர்ல இருக்கே, அதுதான் பெரியம்மா" என்று சொல்லிவிடலாம். கடையில் பத்து நிமிட வேலை.

கோப்பின் பெயரும் மாற வேண்டும். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், பதிவிறக்கியவர் போனில் எது புதியது என்று தெரியாது. பெயரிலேயே முகூர்த்த நேரத்தை வைத்துவிட்டோம், திறக்காமலே தெரியும்.

பிராட்காஸ்ட்ல போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடுமே?

பிராட்காஸ்டில் அனுப்பியது, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். அத்தான் எண்ணைப் பாதி உறவினர்கள் சேமித்திருக்கவில்லை, அக்கா எண்தான் அவர்களிடம் இருந்தது. எனவே பழையது எந்த வழியாகப் போனதோ, அதே வழியாக, அதே எண்ணிலிருந்து புதியது போகட்டும். குழுவில் போனது குழுவில், தனியாகப் போனது தனியாக. தனியாக அனுப்பும்போது பழைய பத்திரிகைக்கே ரிப்ளையாகப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து தெரியும். அத்தான் அனுப்பியதைத் திருத்தி நான் என் எண்ணிலிருந்து அனுப்பியிருந்தால், யார் சொல்வதை நம்புவது என்ற கேள்வி வந்திருக்கும்.

ஃபார்வர்ட் செய்தவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேட்பதுதான். "நீங்க யாருக்காவது அனுப்பினீங்களா? அவங்களுக்கே இதையும் அனுப்பிடுங்க" என்று நாற்பத்தொரு பேரிடமும் கேட்டோம். ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள்.

ஸ்டேட்டஸில் வைத்திருந்தால், எடுப்பதற்கு முன் அதைப் பார்த்தவர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு அந்தப் பட்டியல் கிடைக்காது.

வெளியூர்க்காரங்க டிக்கெட் போட்டிருந்தா?

எங்களுக்கு இதுதான் பெரிய கவலை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. எங்கள் பத்திரிகை போனது சரியாக அந்தச் சமயம். முகூர்த்தம் 7.30 என்று பார்த்தவர், ஞாயிறு இரவு நெல்லையில் ஏறி, திங்கள் காலை சென்னையில் இறங்கி, நேராக மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார். முகூர்த்தம் 6.00 மணிக்கு என்றால் அந்த வண்டியே பயன்படாது. சனி இரவோ, மதுரைக்காரர்கள் என்றால் ஞாயிறு காலை வைகை போன்ற பகல் வண்டியிலோ வந்தாக வேண்டும். ஒன்றரை மணி நேர மாற்றம் அவர்களுக்கு ஒரு முழு நாள் மாற்றம்.

அதனால் வெளியூர்க்காரர்களுக்கு மெசேஜை நம்பாதீர்கள். திருத்தியது தயாராகும் முன்பே, சனிக்கிழமை காலையிலேயே பதினாறு குடும்பங்களுக்கும் போன் செய்தோம். மூன்று குடும்பங்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அதை ரத்து செய்தால் பிடித்தம் போகும், அந்தப் பணத்தை நாங்கள் தருவதாகச் சொன்னோம். வாங்க மறுத்துவிட்டார்கள், ஆனாலும் கேட்டதே நல்லது. அவர்கள் ஞாயிறு இரவு தங்க மண்டபத்திலேயே இரண்டு அறை கூடுதலாகச் சொல்லி வைத்தோம்.

நேர்ல போய் பத்திரிகை வைக்க வேண்டியவங்களுக்கும் வாட்ஸ்அப்ல போயிடுச்சே?

இதில் நேரப் பிழை இரண்டாம் பட்சம். குலதெய்வத்துக்கு வைக்கும் முன்பே, தாம்பூலத் தட்டோடு வந்து அழைக்கும் முன்பே போனில் வந்துவிட்டதே என்ற மனத்தாங்கல்தான் பெரிது. குழுவில் பொதுவாகச் சொல்லி அதை ஆற்ற முடியாது. அன்றே போன் செய்து, "பெரியப்பா, அது கடையிலேருந்து வந்த புரூஃப், தவறிப்போய் குரூப்ல வந்துடுச்சு. அழைப்பா எடுத்துக்காதீங்க. சாமிக்கு வெச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் நேர்ல வந்து வைக்கறோம்" என்று சொன்னார் அத்தான். அதேபோல முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அடுத்ததை அந்தப் பெரியப்பா வீட்டில்தான் வைத்தார்கள். நேரில் போகும்போது முகூர்த்த நேரத்தை வாயாலும் சொல்லிவிட்டு வர வேண்டும். தட்டில் இருக்கும் பத்திரிகையைப் பலர் அப்போதே பிரிக்கமாட்டார்கள்.

அச்சடிச்சு வந்துட்ட பத்திரிகைல தப்பு இருந்தா ஸ்டிக்கர் ஒட்டலாமா?

மண்டப முகவரி, போன் எண் போன்றவற்றுக்கு ஒட்டலாம். முகூர்த்த நேரத்தின் மேல் ஒட்டுவதைப் பெரியவர்கள் பலர் விரும்புவதில்லை, ஒட்டியது உரிந்தால் பழைய நேரம் தெரியவும் செய்யும். நேரம் தவறு என்றால் உள் அட்டையை மட்டும் மறுபடி அடித்து, உறையை அப்படியே பயன்படுத்துங்கள். செலவு முழுப் பத்திரிகை அளவு ஆகாது. கொடுத்து முடித்த வீடுகளுக்குப் புதியதைக் கொடுக்கும்போது பழையதைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஷெல்ஃபில் இருந்தால் கல்யாணத்தன்று எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

அழைக்க நினைக்காத ஒருத்தருக்கும் போயிடுச்சு. அவருக்கு என்ன சொல்றது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். திருத்தியதையும் அவருக்கு அனுப்பி, இலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரிகை கொடுத்தவரை வராதே என்று சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை.

ஆபீஸ் நண்பர்களுக்கு கூகுள் காலண்டர்ல அனுப்பினேன். அதையும் டெலிட் பண்ணிட்டு புதுசா போடவா?

வேண்டாம். அதே நிகழ்வைத் திறந்து நேரத்தையும் இடத்தையும் மாற்றிச் சேமித்து, விருந்தினர்களுக்குத் தெரிவிக்கவா என்று அது கேட்கும்போது ஆம் என்று கொடுங்கள். அவர்கள் காலண்டரில் பழைய இடத்திலிருந்து அதுவே நகர்ந்துவிடும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் முதலில் ரத்து என்று ஒரு மின்னஞ்சல் போகும். அதைப் பார்த்தவர்கள் கல்யாணமே ரத்து என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

எல்லாருக்கும் சரியானது போய்ச்சேர்ந்துச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

"கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள். கிடைத்தது என்பார்கள், எது கிடைத்தது என்று தெரியாது. கட்டைவிரல் பொம்மையும் அப்படித்தான், பழையதற்குப் போட்டதாகக்கூட இருக்கலாம். "முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு இருக்கு மாமா?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து ஆறு மணி என்று வந்தால்தான் நோட்டில் டிக். பெயர், எந்த வழியாகப் பழையது போனது, வாயால் நேரம் சொன்னாரா என்று மூன்று பத்தி போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தேன். திருத்தியது போய் ஒரு வாரம் கழித்தும் தனியாக அனுப்பிய நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் 7.30 என்றே சொன்னார்கள். அவர்கள் எல்லோரும் புதிய மெசேஜைப் படித்ததாக நீலக் குறி இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நினைவூட்டல் அனுப்பும்போது பிடிஎஃப் வேண்டாம், நாள், நேரம், இடம் மூன்று வரி மட்டும் போதும்.

இவ்வளவு செஞ்சும் அன்னிக்கு யாராவது மாறிப் போயிட்டா?

போவார்கள் என்று வைத்தே ஏற்பாடு செய்தோம். போரூர் மண்டபத்தின் அலுவலகத்துக்கு முதல் நாளே போன் செய்து, எங்கள் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி யாராவது வந்தால் வடபழனிக்கு அனுப்புங்கள் என்று ஒரு எண் கொடுத்து வைத்தோம். அந்த எண்ணை வைத்திருந்த தம்பி முறைப் பையனுக்குக் காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரை வேறு வேலை எதுவும் தரவில்லை. ஞாயிறு ரிசப்ஷனில் மேடையிலிருந்து இறங்குபவர்களிடம் அக்காவும் நானும் நின்று, "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

போரூருக்கு ஒரே ஒரு குடும்பம் போனது. ஐந்தே முக்காலுக்கு அந்தப் பையனுக்குப் போன் வந்தது. அதிகாலை நேரம், ஆற்காடு சாலையில் நெரிசல் இல்லை, தாலி கட்டுவதற்குள் வந்துவிட்டார்கள். ஏழரைக்குத்தான் வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் அத்தானின் பழைய அலுவலக நண்பர்கள், யாரோ ஃபார்வர்ட் செய்த மஞ்சள் பத்திரிகை அவர்கள் போனில் இருந்தது. அவர்களை நேராக மேடைக்குக் கூட்டிப்போய் அட்சதை போட வைத்து, பிறகு முதல் பந்தியில் உட்கார வைத்தோம்.